மழை என்று எழுதிய நாட்கள்

வில்லியனூரில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருக்கும் இரண்டு அறைகள்தான் எங்கள் ஆபீஸ். சுற்றுப்பக்கத்துக் கடைகளுக்கும் சின்ன வியாபாரிகளுக்கும் செல்போனில் விளம்பரம் போட்டுக் கொடுப்பது வேலை. முதலாளியைச் சேர்த்து மூன்று பேர். காலையில் பாகூரிலிருந்து பஸ் பிடித்து வந்து, முந்தின நாள் எந்த விளம்பரத்தை எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் மெசேஜ் அனுப்பினார்கள், அதில் எத்தனை பேர் வாங்கினார்கள் என்று பார்த்து, பத்து மணிக்குள் முதலாளிக்கு அறிக்கை கொடுக்க வேண்டியவள் நான்.

சேர்ந்த புதிதில் இந்த எண்கள் என்னைப் பாடாய்ப் படுத்தின. ஒரு நாள் நாற்பது பேர் கேட்பார்கள், மறுநாள் பதினைந்து. குறைந்த அன்று முதலாளி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். படத்தை மாற்று, வாசகத்தை மாற்று, நிறுத்திவிட்டு வேறு போடு என்பார். மாற்றுவோம். மறுநாள் எண் ஏறும். மாற்றியதால்தான் ஏறியது என்று அவர் சந்தோஷப்படுவார். அது உண்மையில்லை என்று எனக்கு ஒரு சந்தேகம் இருந்துகொண்டே இருந்தது. ஒரு பந்த் அன்று, விளம்பரத்தில் யாரும் கை வைக்காமலே வாங்கியவர்கள் எண்ணிக்கை பாதியாகி, மறுநாள் தானாகவே பழையபடி வந்தது. அன்றைக்குத்தான் குறிப்பு எழுத ஆரம்பித்தேன்.

கணினியில் ஒரு தாள். தேதி, கிழமை, மழை, பந்த் அல்லது வேலைநிறுத்தம், கிரிக்கெட், பெரிய செய்தி, பண்டிகை என்று கட்டங்கள். முதலில் நிறையத் தப்பு செய்தேன். பாகூரில் பெய்த மழையை எழுதி வைத்தேன். எங்கள் ஊர் ஏரிக்கரையில் கொட்டும்போது டவுனில் லாஸ்பேட்டைப் பக்கம் வெயில் அடிக்கும், வாங்குகிறவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள் என்பது பிறகுதான் உறைத்தது. அப்புறம் டவுனில் டெலிவரிக்குப் போகிறவர்களைக் கேட்டு எழுதினேன். மழையிலும் தூறல் வேறு, அடைமழை வேறு. தூறலில் மக்கள் வீட்டுக்குள் உட்கார்ந்து போனை நோண்டுகிறார்கள், மெசேஜ் கூடுகிறது. அடைமழையில் கரண்ட் போய் எல்லாமே படுத்துவிடும். பந்த் அன்று கேட்பவர்கள் அதிகம், கொண்டுபோய்க் கொடுக்க வண்டி ஓடாது. இந்தியா ஆடும் மேட்ச் அன்று சாயங்காலம் பெரிய கம்பெனிகளெல்லாம் விளம்பரத்தைக் கொட்டுவதால் நம்முடையது ஓரமாகத் தள்ளப்படும். ஒரு தலைவர் இறந்துபோனால் இரண்டு நாளைக்கு யாருக்கும் வேறெதுவும் கண்ணில் படாது.

கணக்கு பெரிய வித்தையில்லை. திங்கட்கிழமையைத் திங்கட்கிழமையோடுதான் ஒப்பிட வேண்டும். ஒன்றும் நடக்காத கடைசி நான்கு திங்கட்கிழமைகளின் சராசரி என்னவோ, அதுதான் அன்றைக்கு வரவேண்டிய எண். அடைமழை என்றால், முன்பு அடைமழை பெய்த நாட்களில் வரவேண்டியதில் எவ்வளவு வந்தது என்று பார்த்து அந்த அளவுக்குக் குறைத்துக்கொள்வேன். வந்தது அதற்குப் பக்கத்தில் இருந்தால் விளம்பரத்தைத் தொடக்கூடாது. முதலாளிக்கு இது பிடித்துப்போனது. வாடிக்கையாளர்களிடம், "எங்க பொண்ணு மழைய கூட கணக்குல எடுக்கும்" என்று சொல்லிக்கொள்வார். எனக்குப் பெருமையாக இருந்தது. அதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது.

பூரணாங்குப்பத்து அக்கா எங்களிடம் வந்தது அதற்குப் பிறகு. அவருடைய வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். அக்கா விடிகாலையில் கரையில் ஏலம் எடுத்து, மீனைச் சுத்தம் செய்து வெட்டி, டவுனில் போனில் கேட்பவர்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். மீன் வெட்ட இரண்டு பெண்கள். ஒருவர் அக்காவின் நாத்தனார், இன்னொருவர் அதே தெருவில் புருஷனை இழந்து ஒரு மகளோடு இருந்தவர். டெலிவரிக்கு ஒரு ஷேர் ஆட்டோக்காரர். விளம்பரத்தை அழுத்தினால் நேராக அக்காவின் போனுக்கு மெசேஜ் போகும். தினமும் காலையில் அக்கா குரல் பதிவு அனுப்புவார். "நேத்து இருபத்தி ஆறுமா. சங்கரா பத்தல." அதை அப்படியே தாளில் ஏற்றுவேன்.

புரட்டாசி முழுக்க மீன் வியாபாரம் படுக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். மாசம் முடிந்ததும் கூட்டம் வரும் என்று புதிதாக ஒரு வீடியோ தயார் செய்தோம். வஞ்சிரத்தைத் துண்டு போடும் கை, அவ்வளவுதான். ஆனால் பார்க்க நன்றாக வந்திருந்தது. ஐப்பசி பிறந்ததும் ஆர்டர் பழையபடி ஏறியது. அந்த மாதத்தின் முதல் திங்கட்கிழமை, பழைய படத்தோடு சேர்த்து அதையும் ஓடவிட்டேன். ஆபீஸில் பரிசோதனைக்காகச் செய்து வைத்திருந்த ஒரு விளம்பரத்தை நகலெடுத்து, வீடியோவை மாற்றி, வாசகத்தை மாற்றி, அனுப்பு என்று அழுத்தினேன். மறுநாள் செவ்வாய்க்கிழமை மழை பிடித்தது.

அந்த வாரம் நான்கு நாள் மழை. என் திரையில் மெசேஜ் எண்ணிக்கை நன்றாகவே இருந்தது, சொல்லப்போனால் கூடியிருந்தது. அக்கா சொன்ன ஆர்டர் குறைந்திருந்தது. எனக்கு அதில் ஆச்சரியமே வரவில்லை. மழையில் கேட்பார்கள், வாங்க மாட்டார்கள், படகும் சரியாகப் போகாது. 'மழை' என்று எழுதினேன். குறைத்துக் கணக்குப் போட்டால் எல்லாம் சரியாக வந்தது.

அடுத்த வாரம் ஒரு பந்த். அதே வாரத்தில் இரண்டு மேட்ச். பிறகு தீபாவளிக்கு முந்தின நாட்கள், துணிக்கடையிலும் பலகாரத்திலும் ஊர் மூழ்கிக் கிடக்கும். ஒவ்வொரு நாளுக்கும் எழுத என்னிடம் ஏதாவது இருந்தது. ஒரு புதன்கிழமை நல்ல வெயில், ஒன்றுமே இல்லை. ஆர்டர் பதினொன்று. செய்தி தேடிப் பார்த்தேன். பஸ் ஊழியர்கள் இரண்டு மணி நேரம் வேலைநிறுத்தம் செய்திருந்தார்கள். அதை எழுதிவிட்டு நிம்மதியானேன். ஆர்டர் நன்றாக வந்த நாட்களில் இப்படிச் செய்தி தேடியதில்லை என்பது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

அக்கா போன் செய்தார்.

"இன்னாமா இது, கேக்கறவங்களே கம்மியா கீறாங்களே?"

"மழைக்கா. ஊரு பூரா இப்படித்தான். மெசேஜெல்லாம் நல்லா வருது, வாங்கறதுதான் கம்மி."

"மெசேஜ் நல்லா வருதா? எனக்கு ஒண்ணும் அப்படித் தெரியலியே."

"இங்க திரையில தெரியுதுக்கா."

"நீ படிச்சவ. சொன்னா சரி."

இந்தப் பேச்சை எத்தனையோ தடவை திரும்ப நினைத்துப் பார்த்திருக்கிறேன். அவர் எனக்கு உள்ளதை உள்ளபடி சொன்னார். போனைக் கையில் வைத்திருந்தவர் அவர். நான் திரையை நம்பினேன்.

அதோடு நிறுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. நாளைக்கு எத்தனை ஆர்டர் வரும் என்று அக்கா கேட்க ஆரம்பித்தார். ஏலத்தில் எவ்வளவு எடுப்பது என்று அவருக்குத் தெரிய வேண்டும். நான் தாளைப் பார்த்துச் சொன்னேன். நாளைக்கு மழை இல்லை, சனிக்கிழமை, முப்பது வரும் என்றேன். அக்கா முப்பது வீட்டுக்கு எடுத்தார். பன்னிரண்டு வந்தது. மிச்ச மீனை ஐஸில் வைத்து மறுநாள் அக்கம்பக்கத்தில் விற்றார். அடுத்த முறையும் அப்படியே ஆனது. உப்புப் போட்டுக் காயவைக்கலாம் என்றால் காயவைக்க வெயில் இல்லை. மூன்று நாள் மூட்டத்தில் கருவாடாகாமல் புழு வைத்து, குழி வெட்டிப் புதைத்ததாக நாத்தனார் பிறகு என்னிடம் சொன்னார். அக்கா சொல்லவில்லை.

"ரெண்டு பொம்பளைங்கள வச்சிக்கினு கீறேன். வெட்ட வேல இல்ல. இன்னாமா பண்றது?" என்று ஒரு நாள் கேட்டார்.

"இன்னும் ஒரு வாரம் பாருங்கக்கா. மழை விட்டதும் சரியாயிடும்" என்றேன்.

மழை விடவில்லை. வங்கக் கடலில் காற்றழுத்தம் என்று டிவியில் நாள் முழுக்கச் சிவப்பு எழுத்து ஓடியது. படகெல்லாம் கரையில். அந்த வாரம் முழுவதையும் கணக்கிலிருந்தே ஒதுக்கினேன். அது சரியான முடிவுதான், மீனே இல்லாதபோது விளம்பரத்தைக் குறை சொல்ல முடியாது. அந்த வாரக் கடைசியில் அக்கா தெருப்பெண்ணை நிறுத்தினார். நாத்தனாரும் தானாகவே நின்றுகொண்டார்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமையே படகுகள் போய் மீனோடு திரும்பியிருந்தன. வானம் கழுவிவிட்டது போல இருந்தது. மேட்ச் இல்லை, பந்த் இல்லை, செத்துப்போன தலைவர் இல்லை. திங்கட்கிழமை காலையில் ஆபீஸில் உட்கார்ந்து தாளைத் திறந்தேன். ஞாயிறு எங்களுக்கு எப்போதும் பெரிய நாள். என் திரையில் ஐம்பத்தெட்டு பேர் மெசேஜ் அனுப்பியிருந்தார்கள். அக்காவின் குரல் பதிவு ஒன்பது என்றது. எழுதுவதற்குக் கை போனது. எழுத ஒன்றுமே இல்லை. எத்தனை கட்டம் வைத்திருந்தேன், எல்லாம் காலி.

அக்காவைக் கூப்பிட்டேன். அத்தனை நாளில் கேட்காத ஒரு கேள்வியைக் கேட்டேன்.

"அக்கா, ஆர்டர விடுங்க. மெசேஜ் போட்டவங்க எத்தினி பேரு?"

எண்ணிப் பார்க்கும் சத்தம் கேட்டது. "பதினேழுமா."

ஐம்பத்தெட்டு எங்கே, பதினேழு எங்கே. என் சொந்தப் போனை எடுத்து வீடியோ விளம்பரத்தைத் தேடி, பொத்தானை அழுத்தினேன். மெசேஜ் பெட்டி திறந்தது. மேலே இருந்த நம்பர் அக்காவுடையது இல்லை. எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் அது. ஆபீஸில் பரிசோதனைக்கு வைத்திருக்கும் போன். நகலெடுத்தபோது எல்லாவற்றையும் மாற்றியவள் நம்பரை மாற்றவில்லை.

அந்தப் போன் என் மேஜையின் இரண்டாவது டிராயரில் சார்ஜ் இறங்கி அணைந்து கிடந்தது. சார்ஜரில் போட்டேன். உயிர் வந்து, வைஃபை பிடித்ததும் அதிர ஆரம்பித்தது. நிற்காமல் அதிர்ந்தது. மேஜை மேலேயே நகர்ந்து நகர்ந்து போனது. கையால் பிடித்து நிறுத்தினேன்.

'வஞ்சிரம் இருக்கா?' 'ஒரு கிலோ நெத்திலி சுத்தம் பண்ணி வேணும்.' 'ஹலோ.' 'நாளைக்கு காலைல கிடைக்குமா?' 'பதில் போடுங்க.' 'கடை இருக்கா இல்லையா?' நான்கு வாரத்து மனிதர்கள். நன்றாக ஓடுகிற விளம்பரத்தைத்தான் விளம்பரத் தளம் இன்னும் கூடுதலான பேருக்குக் காட்டும். வீடியோ நன்றாக ஓடியது. நன்றாக ஓட ஓட, கேட்டவர்களில் பெரும்பாலோர் என் டிராயருக்குள் வந்து சேர்ந்தார்கள்.

தாளைப் பின்னோக்கிப் புரட்டினேன். மழை, மழை, பந்த், மேட்ச், மழை. வீடியோ தொடங்கிய திங்கட்கிழமையில் எதுவுமே எழுதவில்லை. வெளியே நடந்ததையெல்லாம் எழுதியவள், நாங்கள் செய்த மாற்றத்தை எழுத ஒரு கட்டம்கூட வைத்திருக்கவில்லை. வைத்திருந்தால் சரிவு அந்த நாளிலிருந்து ஆரம்பித்தது கண்ணில் அடித்திருக்கும். மழை மறுநாள்தான் வந்தது.

முதலாளியிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. நம்பரை உடனே மாற்றச் சொன்னார். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"அந்தம்மாவுக்கு தெரியுமா?"

"இன்னும் சொல்லல சார்."

"சொல்லாத. மழைன்னே போயிடட்டும். இத்தன நாளு மழைதானே பேஞ்சிது. அது பொய்யா?"

"அது பொய் இல்ல சார்."

"அப்புறம் இன்னா? இனிமே சரியா வரும். வந்ததும் அவங்களே மறந்துடுவாங்க. சொன்னா மத்தவங்க காதுக்கும் போவும். மூணு பேரு பொழப்பு இது, பாத்துக்க."

அவர் கெட்டவர் இல்லை. அவர் சொன்னதைச் செய்வது எனக்கு எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும் என்பதுதான் என்னைப் பயமுறுத்தியது. தாள் அவருக்குச் சாதகமாக இருந்தது. எவரிடமும் காட்டலாம், எல்லா நாளுக்கும் காரணம் இருந்தது. ஒரு நாள் முழுக்க அப்படியே உட்கார்ந்திருந்தேன். மறுநாள் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, அந்தப் போனைப் பையில் போட்டுக்கொண்டு பூரணாங்குப்பத்துக்கு பஸ் ஏறினேன்.

அக்கா வாசலில் உட்கார்ந்து ஐஸ் பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். விற்கப் போகிறாராம், ஆள் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்.

"வாம்மா. இவ்ளோ தூரம் வந்திருக்க, இன்னா சேதி?"

நின்றபடியே சொன்னேன். உட்கார்ந்தால் சொல்ல முடியாது என்று தோன்றியது. அக்காவுக்கு முதலில் புரியவில்லை. போனை எடுத்துக் கொடுத்தேன். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கி, ஒவ்வொன்றாகத் தள்ளிப் படித்தார். வாய்க்குள்ளே படித்தார். ஒரு இடத்தில் விரல் நின்றது.

"இது முத்தியால்பேட்டை அம்மா. எப்பவும் எங்கிட்ட வாங்கறவங்க. புள்ள வெளியூர்லேர்ந்து வருது, எறா வேணும்னு கேட்டிருக்காங்க. நான் கூப்டப்போ, இனிமே வேணாம்னு போன வச்சிட்டாங்க. ஏன்னு தெரியாம இருந்தேன்."

போனை மடியில் வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நான் உன்ன கேட்டேனே. கேக்கறவங்களே கம்மியா கீறாங்கன்னு கேட்டேனா இல்லியா?"

"கேட்டீங்கக்கா."

"மழைன்ன."

"ஆமாக்கா."

"எனுக்கு மழ தெரியாதாம்மா? பொறந்ததுலேர்ந்து கடலப் பாத்துக்கினு கீறவ நானு. மழையில வியாபாரம் எப்படி இருக்கும்னு எனுக்கு தெரியும். இது அது மாதிரி இல்லன்னு மனசுல பட்டுக்கினே இருந்துச்சி. நீ கம்பியூட்டர்ல பாத்து சொல்றியேன்னு அடக்கிக்கினேன்."

குரல் உயரவில்லை. திட்டினால் தேவலை என்று இருந்தது எனக்கு. நாத்தனார் உள்ளேயிருந்து வந்து விஷயத்தைக் கேட்டுவிட்டு, புதைத்த மீனைப் பற்றிச் சொன்னது அப்போதுதான். அக்கா அவரை உள்ளே போகச் சொன்னார். எனக்கு டீ போட்டுக் கொடுத்தார். குடிக்க முடியாமல் குடித்தேன். கிளம்பும்போது, "சொல்லாம இருந்திருக்கலாம் நீ" என்றார். அது பாராட்டா, குற்றச்சாட்டா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்தப் போனில் இருந்த ஒவ்வொரு எண்ணுக்கும் நானே கூப்பிட்டேன். தப்பு எங்களுடையது, அக்காவுடையது இல்லை என்று சொன்னேன். சிலர் பரவாயில்லை என்றார்கள். நிறையப் பேர் வேறு இடத்தில் வாங்கப் பழகிவிட்டிருந்தார்கள். எடுக்காதவர்களும் இருந்தார்கள். விளம்பரம் திருத்தியபடி இன்னும் சில வாரம் ஓடியது. எண் மெல்ல ஏறியது, பழைய அளவுக்கு வரவில்லை. தை பிறந்ததும் அக்கா நிறுத்திக்கொண்டார். இப்போது கூடையில் எடுத்துக்கொண்டு மார்க்கெட்டில் உட்காருகிறார் என்று கேள்வி. நான் அந்தப் பக்கம் போய்ப் பார்க்கவில்லை.

முதலாளி இரண்டு வாரம் என்னிடம் வேலையைத் தவிர எதுவும் பேசவில்லை. வேலையை விட்டு அனுப்பவும் இல்லை. மழையைக் கணக்கில் எடுக்கும் பெண் என்று யாரிடமும் சொல்வதை மட்டும் நிறுத்திவிட்டார்.

தாள் இன்றும் இருக்கிறது. இப்போது முதல் கட்டம் நாங்கள் செய்த மாற்றங்களுக்கு. படம், நம்பர், நேரம், எதைத் தொட்டாலும் அங்கே எழுதிய பிறகுதான் அனுப்புவேன். மழையையும் மேட்சையும் முந்தின நாளின் எண்களைத் திறப்பதற்கு முன்பே எழுதி முடித்துவிடுகிறேன், எண்ணைப் பார்த்த பிறகு ஒரு எழுத்தும் சேர்ப்பதில்லை. நல்ல நாளுக்கும் எழுதுகிறேன். அப்படி எழுதிப் பார்த்ததில், நான் காரணம் என்று நினைத்திருந்த சிறு தூறல்கள் பலவற்றால் எந்தப் பாதிப்பும் இல்லை என்று தெரிந்தது. திரை சொல்லும் மெசேஜும் வியாபாரியின் போனில் வந்த மெசேஜும் ஒத்துப்போகிறதா என்று வாரம் ஒருமுறை என் கையாலேயே அழுத்திப் பார்க்கிறேன். அந்த நான்கு வாரத்துக் கட்டங்களை மட்டும் அழிக்கவில்லை. பக்கத்தில், 'நம்பர் தவறு, என்னால்' என்று சேர்த்து எழுதினேன். முதலாளி பார்த்தார், அழிக்கச் சொல்லவில்லை.

மீன் வெட்டிய அந்தத் தெருப்பெண் இப்போது திருபுவனை பக்கம் ஒரு கம்பெனியில் துப்புரவு வேலைக்குப் போகிறாராம். அக்கா முன்பு அனுப்பிய படங்களில் பார்த்த முகம் அது. காலையில் சில நாள் வில்லியனூர் நிறுத்தத்தில் அவர் பஸ் மாறுவதைப் பார்க்கிறேன். ஒரு நாள் அவர் ஏறிய பஸ்ஸில் நானும் ஏறி, கிட்டப் போய்ப் பேச வாயெடுத்தேன். நான் யார் என்று அவருக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டிய காரணமும் அவருக்கு இல்லை. இடம் கேட்கிறேன் என்று நினைத்து, சீட்டில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். நான் உட்காராமல் இறங்கிவிட்டேன்.